1931: தங்கக் கையிருப்பு வழியே பரவிய பெருமந்தம்

கேள்வி: 1929இல் விழுந்தது நியூயார்க் பங்குச்சந்தை. அதற்கு ஜெர்மனியில் 60 லட்சம் பேர் ஏன் வேலை இழக்க வேண்டும்? பர்மாவிலும் சென்னை மாகாணத்திலும் நெல் விலை ஏன் சரிய வேண்டும்? அரசாங்கங்கள் என்ன செய்தன, எது பலித்தது?

பதில்:

பங்குச்சந்தையை விட்டுவிட்டு நாணயத்திலிருந்து தொடங்கினால்தான் இதற்கு விடை கிடைக்கும். அக்டோபர் 1929இல் நியூயார்க்கில் பங்கு விலை விழுவதற்கு முன்பே ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் தளர்ந்துவிட்டன. அந்த நாடுகளையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது பொன் திட்டம்.

அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நாடும் தன் நாணயத்துக்கு ஈடாக இவ்வளவு எடை தங்கம் தருவதாகச் சட்டத்தில் எழுதி வைத்தது. அமெரிக்காவில் ஓர் அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர். பிரிட்டன் 1925இல் முதல் உலகப் போருக்கு முந்தைய பழைய விலைக்கே திரும்பியதால் ஒரு பவுண்டு 4.86 டாலராக நின்றது. ரூபாயை 1927ஆம் ஆண்டுச் சட்டம் 18 பென்ஸுக்குக் கட்டிப்போட்டது. இப்படி எல்லா நாணயமும் தங்கத்தோடு இணைந்திருந்தால் அவற்றுக்கிடையே மாற்று விகிதம் அசையாது. வணிகம் செய்பவருக்கு அது வசதி. ஆனால் ஒரு நாட்டில் வட்டி ஏறினால் மற்ற நாடுகளும் ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றாவிட்டால் பணம் வட்டி அதிகமுள்ள இடத்துக்குப் போய்விடும், அதோடு தங்கமும் கப்பலேறிவிடும்.

தங்கம் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் மதிப்பில் 40 சதவீதமாவது மத்திய வங்கியிடம் தங்கமாகவோ தங்கத்துக்கு மாற்றத்தக்க வெளிநாட்டுப் பணமாகவோ இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி. கையிருப்பு 40, நோட்டு 100 என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டவர் 10 எடுத்துப் போய்விட்டால் மீதி 30. அந்த 30ஐக் கொண்டு 75 நோட்டுகளைத்தான் தாங்க முடியும். ஆக, 10 வெளியே போனதற்கு நாட்டுக்குள் 25ஐப் புழக்கத்திலிருந்து உருவ வேண்டியிருக்கிறது. உருவும் வழி, வட்டியை ஏற்றுவதும் கடனைத் திரும்பக் கேட்பதும்தான். கடை முதலாளி சரக்கை நஷ்டத்துக்கு விற்கிறார், ஆலை ஆட்குறைப்பு செய்கிறது, விலை இறங்குகிறது.

தங்கம் வந்து சேர்ந்த நாட்டுக்கோ அதற்கு எதிரான கட்டாயம் எதுவும் இல்லை. வந்ததைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவும் பிரான்ஸும் அதைத்தான் செய்தன. பிரான்ஸ் தன் நாணயத்தைப் போருக்கு முந்தைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து 1928இல் சட்டமாக்கியது. அந்தக் குறைந்த மதிப்பில் பிரெஞ்சுச் சரக்கு மலிவாக இருந்ததால் தங்கம் கொட்டியது. 1926இல் உலக நாடுகளின் தங்கக் கையிருப்பில் சுமார் 7 சதவீதம் வைத்திருந்த பிரான்ஸிடம் 1932இல் 27 சதவீதம் இருந்தது. சட்டப்படி அதற்குத் தேவையான ஈடு 35 சதவீதம். உண்மையில் அது 80 சதவீதத்தை நெருங்கியது. தங்கம் பெருகிய அளவுக்கு நோட்டுப் பெருகவில்லை. ஒரு பக்கம் சுருங்கியது, மறுபக்கம் விரியவில்லை. அதனால் உலகம் முழுவதும் விலை ஒரே திசையில் இறங்கியது. எனக்கு இதுதான் மையக் காரணமாகப் படுகிறது. மற்றவையெல்லாம் இதன் மேல் ஏறி உட்கார்ந்தவை.

அமெரிக்காவில் 1928இல் நடந்தது இந்த இயந்திரத்தை முடுக்கியது. பங்குச் சூதாட்டத்தை அடக்க நினைத்த அதன் மத்திய வங்கி, நியூயார்க்கில் வட்டியை அந்த ஆண்டிலேயே 3.5இலிருந்து 5 சதவீதத்துக்கும், ஆகஸ்ட் 1929இல் 6 சதவீதத்துக்கும் உயர்த்தியது. அதுவரை ஜெர்மனிக்கும் தென் அமெரிக்காவுக்கும் கடன் கொடுத்துவந்த அமெரிக்கப் பணம் உள்ளூரிலேயே தங்கிவிட்டது. ஜெர்மனி அந்தக் கடனில்தான் போர் இழப்பீட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. அர்ஜென்டினாவும் ஆஸ்திரேலியாவும் கோதுமையும் கம்பளியும் விற்றுப் பழைய கடனைத் தீர்த்துவந்தன. புதுக் கடன் நின்றதும், அவை கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டன. அதனால் விலை இன்னும் விழுந்தது. அர்ஜென்டினா டிசம்பர் 1929லேயே தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

விலை இறங்குவதால் வாங்குபவருக்கு லாபம்தானே என்று தோன்றும். கடன் மட்டும் இறங்குவதில்லை என்பதுதான் சிக்கல். மூட்டை 5 ரூபாய் விற்ற காலத்தில் 100 ரூபாய் கடன் வாங்கியவர் 20 மூட்டை கொடுத்தால் தீர்ந்துவிடும். விலை இரண்டரை ரூபாயானால் அதே கடனுக்கு 40 மூட்டை வேண்டும், வட்டி தனி. நிலவரியும் பணத்தில்தான் கட்ட வேண்டும். கடன் கொடுத்த வங்கி அடமானத்தை ஏலம் விட்டால், ஏலச் சரக்கு பெருகி விலை மேலும் விழுகிறது. அந்த வங்கியின் மற்ற கடன்களும் அதனால் கெட்டுப்போகின்றன.

சுங்கவரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூன் 1930இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இறக்குமதி வரிகளை உயர்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டுத் தடுக்கப் பார்த்தும் குடியரசுத் தலைவர் ஹூவர் ஒப்பமிட்டார். மற்ற நாடுகள் பதிலடி கொடுத்தன. பாடப்புத்தகங்கள் இதையே பெரிய குற்றவாளியாக்குவதுண்டு. அது கொஞ்சம் மிகை. ஏற்றுமதி அன்றைய அமெரிக்கப் பொருளாதாரத்தில் சிறு பகுதிதான். அந்த வரி உண்மையில் காயப்படுத்தியது அமெரிக்காவுக்குக் கடன்பட்ட நாடுகளை. கடனை டாலரில் கேட்கிறார்கள், அந்த டாலரைச் சம்பாதிக்கச் சரக்கு கொண்டுபோனால் கதவை அடைக்கிறார்கள். சனவரி 1929இல் மாதம் 300 கோடி தங்க டாலர் அளவில் இருந்த 75 நாடுகளின் இறக்குமதி, சனவரி 1933இல் 99 கோடிக்கு வந்துவிட்டது. அந்தச் சரிவில் பெரும்பங்கு விலை வீழ்ச்சி.

இதுவரை சொன்னது கடுமையான ஒரு தேக்கம், அவ்வளவுதான். அதைப் பெருமந்தமாக்கியது 1931ஆம் ஆண்டின் ஐந்து மாதங்கள். பரவும் விதத்தை அங்கே ஊர் ஊராகத் தொடர முடியும்.

மே 11 அன்று வியன்னாவில், ஆஸ்திரியாவின் மிகப்பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் 14 கோடி ஷில்லிங் நஷ்டம் என்று அறிவித்தது. அதன் சொந்த முதலில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. 1929இல் நொடித்துப்போன இன்னொரு பெரிய வங்கியை அரசின் வற்புறுத்தலால் தன்னோடு சேர்த்துக்கொண்டதன் விளைவு இது. நாட்டின் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த வங்கியின் கடனில் ஓடியதால் அரசு அதை மூடவிட முடியாது. காப்பாற்ற வேண்டுமானால் நோட்டடிக்க வேண்டும். நோட்டடித்தால் தங்க ஈடு குறையும். ஈடு குறைவதைப் பார்த்த வெளிநாட்டவர் ஷில்லிங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள். இப்படி வங்கியின் நோய் நாணயத்தின் நோயாகிவிடுகிறது. பன்னாட்டுக் கடன் கேட்டபோது, ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் மார்ச்சில் அறிவித்திருந்த சுங்க ஒன்றியத் திட்டம் குறுக்கே நின்றது. அதைக் கைவிட வேண்டும் என்று பிரான்ஸ் அழுத்தியது. ஜூன் நடுவில் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தனியாக 15 கோடி ஷில்லிங் கொடுத்தது. அதற்குள் பயம் எல்லை தாண்டியிருந்தது.

அடுத்தது பெர்லின். ஜெர்மன் வங்கிகளுக்கு வியன்னாவில் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை. ஆனால் அவற்றின் வைப்புகளில் பெரும்பகுதி குறுகிய காலத்துக்கு வெளிநாட்டவர் போட்ட பணம். அதைத்தான் நீண்ட காலக் கடனாக ஆலைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜூன் 20இல் ஹூவர் போர்க்கடன், இழப்பீட்டுத் தவணைகளை ஓராண்டு நிறுத்திவைக்க முன்வந்தார். சில நாள் மூச்சு வந்தது. பிரான்ஸ் ஒப்புக்கொள்வதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதற்கிடையே நார்ட்வோல்லே என்ற கம்பளி நிறுவனம் திவாலாக, அதற்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுத்திருந்த டனாட் வங்கி ஜூலை 13இல் கதவை மூடியது. ஜெர்மன் மத்திய வங்கி 40 சதவீத விதியின் விளிம்பில் இருந்ததால் அந்த வங்கிக்கு வேண்டிய அளவு பணம் கொடுக்க முடியவில்லை. அடுத்த இரண்டு நாள் எல்லா வங்கிகளுக்கும் கட்டாய விடுமுறை. பின்னர் வட்டி 15 சதவீதம் வரை போனது. அரசு அனுமதியில்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கவும் விற்கவும் தடை வந்தது.

அந்தத் தடையால் லண்டன் வங்கிகள் ஜெர்மனிக்குக் கொடுத்திருந்த பணம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. உடனே எல்லோர் கண்ணும் லண்டன் மீது விழுந்தது. ஜூலை 31இல் வெளியான அரசுக் குழுவின் அறிக்கை 12 கோடி பவுண்டு பற்றாக்குறை வரும் என்றது. கடன் வாங்கிப் பவுண்டைத் தாங்க வேண்டுமானால் செலவைக் குறைக்க வேண்டும். வேலையில்லாதோர் உதவித்தொகையை வெட்டுவதில் அமைச்சரவை பிளந்து, ஆகஸ்ட் 24இல் தொழிற்கட்சி அரசு கவிழ்ந்தது. செப்டம்பர் நடுவில் சம்பள வெட்டை எதிர்த்து இன்வர்கார்டனில் கடற்படை மாலுமிகள் வேலைக்குச் செல்ல மறுத்தனர். இரண்டு மாதத்தில் 20 கோடி பவுண்டு வெளியேறியிருந்தது. செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பவுண்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. 4.86 டாலராக இருந்த பவுண்டு டிசம்பரில் 3.40 டாலருக்கும் கீழே இறங்கியது.

இனி டாலரும் போகும் என்று நினைத்தவர்கள் நியூயார்க்கிலிருந்து தங்கத்தை இழுத்தார்கள். ஆறு வாரத்தில் சுமார் 70 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் போனது. உள்நாட்டில் வங்கிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அமெரிக்க மத்திய வங்கி அக்டோபரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை வட்டியை உயர்த்தி, 1.5 சதவீதத்தை 3.5 ஆக்கியது. பொன் திட்டத்தின் விதிப்படி அது சரி. வங்கிகளுக்கோ அது கழுத்தில் விழுந்த சுருக்கு. அந்த ஒரே மாதத்தில் 500க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடின. வியன்னாவில் கிளம்பிய அலை நியூயார்க்குக்குத் திரும்பி வந்து, முதலில் அது கிளம்பக் காரணமான நாட்டையே இப்படித் தாக்கியது.

அரசாங்கங்கள் என்ன செய்தன என்பதையும் இந்தக் கயிற்றை வைத்தே பிரிக்கலாம்: அறுத்தவர்கள், அறுக்காமல் கதவைப் பூட்டியவர்கள், கடைசிவரை பிடித்துத் தொங்கியவர்கள்.

பிரிட்டன் விருப்பமில்லாமல் அறுத்தது. ஆனால் அறுத்த பிறகுதான் வட்டியைக் குறைக்க முடிந்தது. ஜூன் 1932இல் அது 2 சதவீதத்துக்கு வந்தது. வீட்டுக்கடன் மலிந்து, தென் இங்கிலாந்தில் வீடு கட்டும் வேலை சூடுபிடித்தது. நிலக்கரியையும் கப்பல் கட்டுவதையும் நம்பிய வட பகுதிக்கு அந்த மீட்சி சரியாகப் போய்ச் சேரவில்லை. ஸ்வீடன் ஒரே வாரத்தில் பிரிட்டனைப் பின்தொடர்ந்தது. தங்கத்துக்குப் பதிலாக உள்நாட்டு விலைவாசியை நிலையாக வைப்பதே இனி எங்கள் இலக்கு என்று அறிவித்தது.

ஜப்பானின் கதை இன்னும் தெளிவானது. உலகமே சரிந்துகொண்டிருந்த சனவரி 1930இல் அது பழைய மதிப்பில் தங்கத்துக்குத் திரும்பி, பெரும் அடி வாங்கியது. டிசம்பர் 1931இல் நிதியமைச்சரான தகஹாஷி கொரெகியோ உடனே வெளியேறினார். யென்னை விழ விட்டார். அடுத்த ஆண்டு முதல் அரசுக் கடன் பத்திரங்களை மத்திய வங்கியையே வாங்க வைத்து அரசுச் செலவைக் கூட்டினார். ஜப்பான் மற்ற பெரிய நாடுகளைவிட விரைவில் எழுந்தது. ஆனால் மலிவான யென்னால் ஜப்பானியத் துணி இந்தியச் சந்தையில் குவிந்தது. பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு இங்கே வரி 1932இல் 50 சதவீதமாகவும் 1933இல் 75 சதவீதமாகவும் ஏறியது. ஒருவர் நாணயத்தைக் குறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வரியை உயர்த்துவார் என்பது அன்றைய நடைமுறை. பொருளாதாரம் மீண்டதும் தகஹாஷி ராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்றார். பிப்ரவரி 1936இல் ராணுவ அதிகாரிகளின் கிளர்ச்சியில் கொல்லப்பட்டார்.

ஜெர்மனி இரண்டாம் வகை. செலாவணிக் கட்டுப்பாடு வந்த பிறகு தங்கம் வெளியேற வழியில்லை. ஆகவே பணத்தைத் தளர்த்த இடமிருந்தது. ஆனால் 1923இல் நோட்டு வெறும் காகிதமான நினைவு அங்கே பச்சையாக இருந்தது. வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தங்களும் மதிப்பைக் குறைக்க விடவில்லை. அதனால் பிரதமர் புரூனிங் எதிர்த்திசையில் போனார். டிசம்பர் 1931இல் அவசரச் சட்டத்தால் கூலி, வாடகை, வட்டி, விலை எல்லாவற்றையும் ஒரே அடியாகக் குறைத்தார். 1932 தொடக்கத்தில் பதிவு செய்த வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டினர். 1928 தேர்தலில் 12 இடம் பெற்ற நாஜிக் கட்சி ஜூலை 1932இல் 230 இடம் பெற்றது. அந்த ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வேலையற்றோர் எண்ணையும் இந்த இடங்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகியவை மூன்றாம் வகை. 1931இல் பிரான்ஸ் பத்திரமான இடமாகத் தெரிந்தது. மற்றவர்கள் மீளத் தொடங்கிய 1933க்குப் பிறகும் அது கூலியையும் செலவையும் வெட்டிக்கொண்டே இருந்தது. பெல்ஜியம் மார்ச் 1935இல் விட்டது, பிரான்ஸ் செப்டம்பர் 1936இல் விட்டது. நாடுகளை அவை பொன் திட்டத்தை விட்ட தேதிப்படி வரிசையாக நிறுத்தினால், மீண்டெழுந்த வரிசையும் ஏறத்தாழ அதுவாகவே இருக்கும். இதையே மறுபக்கத்திலிருந்து சோதிக்க விரும்புபவர்கள் சீனாவைப் பார்க்கலாம். அது வெள்ளி நாணயத்தில் இருந்ததால் முதல் ஓரிரு ஆண்டு விலைச்சரிவு அங்கே எட்டவில்லை. 1934இல் அமெரிக்கா சட்டம் போட்டு வெள்ளியை வாங்கிக் குவித்தபோது சீனாவிலிருந்து வெள்ளி வெளியேறியது. பணம் சுருங்கி மந்தம் அங்கும் வந்தது. நவம்பர் 1935இல் சீனா வெள்ளியைக் கைவிட்டது.

அமெரிக்காவைப் பற்றிப் பேசுபவர்கள் ரூஸ்வெல்ட்டின் வேலைத் திட்டங்களைத்தான் அதிகம் சொல்வார்கள். பசியில் இருந்தவர்களுக்கு அவை பெரிய ஆறுதல். ஆனால் திருப்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மார்ச் 1933இல் பதவியேற்றதும் எல்லா வங்கிகளையும் மூடி, தாங்கக்கூடியவற்றை மட்டும் திறந்தார். மக்கள் கையிலிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னார். ஏப்ரலில் டாலரைத் தங்கத்திலிருந்து விடுவித்தார். விலை இனி ஏறும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கியதுமே ஆலை உற்பத்தி சில மாதங்களில் பாதிக்கு மேல் கூடியது. சனவரி 1934இல் தங்கம் அவுன்ஸ் 35 டாலர் என்று நிலைநிறுத்தப்பட்டது. அதே மாதம் வைப்புகளுக்கு 2,500 டாலர் வரை காப்பீடும் வந்ததால், வதந்தி கேட்டு வங்கி வாசலில் வரிசை நிற்பது குறைந்தது. 1936-37இல் மத்திய வங்கி, வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பை இரட்டிப்பாக்கியது. அரசும் செலவைச் சுருக்கியது. உடனே அடுத்த சரிவு வந்தது.

கடைசியாக இந்தியா. செப்டம்பர் 1931இல் ரூபாயும் தங்கத்தை விட்டது. ஆனால் அது விடுதலையாகவில்லை. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று பவுண்டோடு இருந்த பழைய கட்டு அப்படியே தொடர்ந்தது. 1926லேயே 16 பென்ஸ்தான் சரி என்று புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் அரசுக் குழுவில் தனிக் குறிப்பு எழுதியிருந்தார். இந்திய வணிகர்களும் அதையே கேட்டுவந்தனர். ரூபாய் 16 பென்ஸாக இருந்தால், லண்டனில் ஒரே விலைக்குப் போகும் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் இங்கே எட்டில் ஒரு பங்கு கூடுதல் ரூபாய் கிடைத்திருக்கும். லண்டனுக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய ஓய்வூதியமும் வட்டியும் அரசுக்கு ரூபாயில் கூடிவிடும் என்பதால் அது ஏற்கப்படவில்லை. 18 பென்ஸைக் காக்க அரசு நோட்டுகளைச் சுருக்கியது. விளைபொருள் விலை பாதியாகியும் நிலவரியின் தொகை பெரும்பாலும் பழையபடியே இருந்தது.

கடனும் வரியும் கட்ட மக்கள் விற்றது வீட்டுத் தங்கத்தை. முன்பு தோலா 21 ரூபாய் 3 அணாவாக இருந்த தங்கம், பவுண்டு விழுந்த பிறகு சில மாதங்களில் 30 ரூபாயை நெருங்கியது. 1931-32இல் மட்டும் சுமார் 58 கோடி ரூபாய்த் தங்கம் கப்பலேறியது. நூற்றாண்டுக் கணக்கில் தங்கத்தை வாங்கியே பழகிய நாடு அதை ஏற்றுமதி செய்தது. அந்தத் தங்கம்தான் லண்டனில் பவுண்டையும் இங்கே 18 பென்ஸையும் தாங்கிப் பிடித்தது. தாலிக்கொடியும் வளையலும் எடைபோட்டு விற்கப்பட்டுத்தான் அந்த விகிதம் காப்பாற்றப்பட்டது என்றால் மிகையாகாது.

பர்மாவில் நெல் விலை பாதியானபோது விவசாயிகளால் நகரத்தார் வட்டிக்கடைகளுக்குக் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938இல் 25 சதவீதமானது. அவர்கள் நிலத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை. வேண்டியிருந்தது பணம், கிடைத்தது விற்க முடியாத வயல். அந்த வயல்களின் மேல் பர்மியருக்கு மூண்ட கோபம் மந்தத்தோடு முடியவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியபோது, 1930களில் கடனுக்கு ஈடாக வந்த அந்த வயல்களும் போயின.